பிரஷர் மாத்திரையால் இருமல் வருமா, உதடு வீங்குமா?

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே மாத்திரைக் குடும்பத்தைப் பற்றியவை, அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர் 'பிரில்' என்று முடிந்தால் (எனாலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில்) அது ஏ.சி.இ. தடுப்பான். 'சார்ட்டன்' என்று முடிந்தால் (லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன்) அது வேறு குடும்பம். கீழே உள்ளதைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்தது. அப்போதிலிருந்து ராமிபிரில் 5 மி.கி. சாப்பிடுகிறார். மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்த வறட்டு இருமல் இன்னும் நிற்கவில்லை, ராத்திரியில்தான் அதிகம். இரண்டு சிரப் மாற்றியாகிவிட்டது, எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன. என்னதான் செய்வது?

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது: மூன்றாவது வாரம். மாத்திரை தொடங்கிய சில நாளிலோ சில வாரத்திலோ, அபூர்வமாக சில மாதம் கழித்தோ, சளியில்லாமல், தொண்டையில் யாரோ இறகால் கிச்சுகிச்சு மூட்டுகிறமாதிரி வரும் இருமல் என்றால் முதல் சந்தேகம் இந்த மாத்திரை மேல்தான். பத்து பேரில் ஒருவருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

காரணம் இதுதான். ஏ.சி.இ. என்கிற நொதி நம் உடம்பில் இரண்டு வேலை பார்க்கிறது. ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருளை உருவாக்குவது ஒன்று, பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளை உடைத்து அப்புறப்படுத்துவது இன்னொன்று. பிரில் மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடும்போது பிரஷர் இறங்குகிறது, அது நமக்கு வேண்டியது. ஆனால் கூடவே பிராடிகைனினும் உடையாமல் தங்கிவிடுகிறது, மூச்சுக்குழாயில் இருமலைத் தூண்டும் நரம்புகளை அது உசுப்பிவிடுகிறது. (இந்த மருந்துகள் பிறந்ததே பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்திலிருந்துதான். அந்த விஷம் பிராடிகைனினின் வேலையைக் கூட்டுகிறது என்று 1960-களில் கண்டுபிடித்ததுதான் ஆரம்பம். ஆக, இருமல் இந்த மருந்தின் பூர்வீகத்திலேயே இருக்கிறது!)

சார்ட்டன் இந்த நொதியைத் தொடுவதே இல்லை. ஆஞ்சியோடென்சின்-2 போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. நொதி தன் பாட்டுக்கு பிராடிகைனினை உடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் இருமல் வருவதற்குக் காரணம் இல்லை.

அம்மாவுக்கு மாரடைப்பு வந்திருப்பதால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதய டாக்டரிடம் போய் 'இது ராமிபிரில் இருமலா இருக்குமா?' என்று நேராகக் கேளுங்கள். அவரும் அப்படி நினைத்தால், இன்று வரை ராமிபிரில், நாளையிலிருந்து டெல்மிசார்ட்டன் என்று இடைவெளி விடாமலே மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய மறுநாளே இருமல் போய்விடாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட இழுக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு 'இதுவும் சரிப்படவில்லை' என்று திரும்ப ஆரம்பத்துக்கே போய்விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறது, கால் வீங்குகிறது என்றால் அது இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்கும் இருமலாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது, உடனே காட்டுங்கள்.

கேள்வி: மாத்திரையைப் பாதியாகக் குறைத்தால் இருமல் குறையுமா? இல்லை, ராமிபிரிலுக்குப் பதில் எனாலாபிரில் போடலாமா?

இரண்டுமே பலன் தராது. இது அளவைப் பொறுத்த விஷயமில்லை, பிரில் குடும்பம் முழுவதுக்கும் இதே குணம்தான். ஒன்றில் இருமியவர் பெரும்பாலும் அடுத்ததிலும் இருமுவார். இருமல் சிரப்புக்குச் செலவழிப்பதும் வீண்.

கேள்வி: ஐந்து வருடமாக எனாலாபிரில் சாப்பிடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் காலையில் எழுந்தால் மேலுதடு வடை மாதிரி வீங்கியிருந்தது. அரிப்பு இல்லை. அலர்ஜி மாத்திரை போட்டேன், மறுநாள் சாயங்காலம் வற்றிவிட்டது. முந்தின நாள் சாப்பிட்ட இறால்தான் காரணம் என்கிறார் மனைவி.

இறாலைக் குற்றம் சொல்லும் முன் மாத்திரையை நிறுத்துங்கள், இன்றே டாக்டரைப் பாருங்கள். இருமல் விஷயத்தில் பொறுமையாக இருக்கலாம் என்றேன், இதில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உணவு அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ அரிப்பும் தோலில் தடிப்புமாக வரும். உங்களுக்கு அரிப்பு இல்லை, தடிப்பும் இல்லை, மெதுவாக வீங்கி ஒன்றரை நாளில் தானாக வற்றியிருக்கிறது. இது பிராடிகைனின் வீக்கத்தின் அடையாளம். அலர்ஜி மாத்திரை, அலர்ஜி வீக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத்தான் தடுக்கும், இங்கே ஹிஸ்டமினுக்கு வேலையே இல்லை. மாத்திரை போடாவிட்டாலும் அது வற்றியிருக்கும். அதுதான் ஏமாற்றுகிறது: தானாக வற்றும், மாதக்கணக்கில் வராமல் இருக்கும், அப்புறம் ஒருநாள் உதட்டோடு நிற்காமல் நாக்கையும் குரல்வளையையும் பிடிக்கும். 'ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லையே' என்பதும் சமாதானம் ஆகாது, பல வருடம் கழித்தும் வரும். ஆயிரத்தில் சில பேருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தவர் ஆயுசுக்கும் எந்தப் பிரிலும் சாப்பிடக் கூடாது.

நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ வீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் 'பிரில் மாத்திரை சாப்பிடுகிறேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அலர்ஜி ஊசிகளை மட்டும் நம்பாமல், மூச்சுப்பாதையைக் காப்பாற்ற அவர்கள் முன்கூட்டியே தயாராவார்கள்.

கேள்வி: வீக்கம் வந்தவர் சார்ட்டன் சாப்பிடலாமா? எனக்குச் சர்க்கரைக்கு வில்டாகிளிப்டினும் உண்டு.

பெரும்பாலோர் சாப்பிடலாம். ஆனால் சார்ட்டனிலும் மிகச் சிலருக்கு வீக்கம் திரும்புகிறது, அதனால் இருமலுக்கு மாற்றுவதுபோல மறுநாளே சட்டென்று மாற்றாமல், அது உண்மையிலேயே தேவையா என்று டாக்டர் யோசிப்பார். வெறும் பிரஷருக்கு என்றால் ஆம்லோடிபின் போன்ற வேறு வகையே போதும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வேண்டும் என்றால்தான் சார்ட்டன். இன்னொன்று, பிரிலை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குப் பழைய வீக்கம் எட்டிப்பார்க்கலாம், அப்போது பழி புது மாத்திரை மேல் விழும்.

வில்டாகிளிப்டினைக் கேட்டது நல்லது. அது தடுக்கும் நொதியும் பிராடிகைனின் மாதிரியான பொருட்களை உடைப்பதுதான், அதனால் பிரிலோடு சேரும்போது வீக்கத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. பிரிலை நிறுத்தினால் அந்தக் கூட்டுச் சிக்கல் தீரும். சர்க்கரை டாக்டருக்கும் வீக்கம் வந்த கதையைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் முதலிலேயே சார்ட்டன் கொடுத்திருக்கலாமே?

கேட்க வேண்டிய கேள்விதான். பிரில் மூத்தது. கேப்டோபிரில் 1981-லேயே வந்துவிட்டது, லோசார்ட்டன் 1995-ல்தான் வந்தது. மாரடைப்புக்கும் இதய பலவீனத்துக்கும் முதலில் உயிர் காத்துக் காட்டியது பிரில், அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2008-ல் வந்த ஆன்டார்கெட் ஆய்வில் ராமிபிரிலையும் டெல்மிசார்ட்டனையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய சமம். இருமலால் மருந்தை விட்டவர்கள் ராமிபிரிலில் 4.2 சதவீதம், டெல்மிசார்ட்டனில் 1.1. என்னைக் கேட்டால், வெறும் பிரஷருக்கு இன்று சார்ட்டனிலேயே ஆரம்பிப்பதில் தவறில்லை. ஆனால் பிரில் சாப்பிட்டு ஒரு தொந்தரவும் இல்லாதவர் இதைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. அதே ஆய்வில் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, சிறுநீரகத் தொல்லைதான் கூடியது.

சார்ட்டனுக்கு மாறியவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள், அந்த விஷயத்தில் இரண்டு குடும்பமும் ஒன்றுதான். கர்ப்பம் தரித்தவர்களுக்கு இரண்டுமே ஆகாது.