ஓபிடி 90 நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது?

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். கடைசி செமஸ்டர். இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஓபிடி தேதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓபிடி என்பது எஃப்-1 விசா மாணவர்கள் படிப்பு முடிந்தபின் தம் துறையில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி. அதற்குள் வேலையின்றி இருக்கக்கூடிய நாள்கள் மொத்தம் 90. இந்த அனுமதி தொழில் பயிற்சிக்கானது. அதனால்தான் சும்மா இருக்கும் நாள்களுக்கு வரம்பு.

மொபைல் ரீசார்ஜ் போலத்தான் இந்த 12 மாதமும்: பேசினாலும் பேசாவிட்டாலும், தொடங்கிய நாளிலிருந்து வேலிடிட்டி கரையும். வேலை இல்லாவிட்டால் 90 நாள் கணக்கும் அதே நாளில் ஓடத் தொடங்கும். ஆனால் தொடக்க நாளை நீங்களே கேட்கலாம், படிப்பு முடிந்த 60 நாள்களுக்குள்.

படிப்பு மே 15 முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மே 16-ஐத் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 13-ல் 90 நாளும் தீரும். ஜூலை 14 என்றால் அக்டோபர் 11 வரை கிடைக்கும். கையில் வேலை இல்லாதவர் பிந்திய தேதியைக் கேட்பதே நல்லது என்பேன். ஆனால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிப்ரவரி 14 முதலே அனுப்பலாம். அனுமதி அட்டை வராமல் வேலையில் சேர முடியாது. பல்கலைக்கழக அலுவலர் பரிந்துரையைப் பதிவு செய்த 30 நாளுக்குள் விண்ணப்பம் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேரவேண்டும். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் கணக்கு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வேலையில் சேரும் நாள்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.