எம்.எல்.ஏ முறையில் ‘கொள்கலன்’ என்றால் என்ன?

*தொகுப்பு நூலில் உள்ள ஒரு கட்டுரையை இணையத்தில் படித்தேன். எம்.எல்.ஏ முறையில் எது கொள்கலன்: நூலா, தளமா?*

இரண்டுமே. இது சட்டமன்ற எம்.எல்.ஏ இல்லை, ஆய்வுக் கட்டுரையில் மூலங்களைக் குறிப்பிடும் முறை! நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைதான் மூலம். அதைச் சுமக்கும் நூல் முதல் கொள்கலன், அந்த நூலைச் சுமக்கும் தளம் இரண்டாவது. 2016-இல் வந்த எம்.எல்.ஏ கையேட்டின் எட்டாம் பதிப்பிலிருந்து இப்படித்தான்.

```
ஆசிரியர். “கட்டுரை.” நூல், edited by தொகுப்பாசிரியர்,
பதிப்பகம், 2014, pp. 45-62. JSTOR, https://doi.org/...
```

இதில் நிறுத்தற்குறியைக் கவனியுங்கள். ஒரு கொள்கலனுக்குள் காற்புள்ளி, அது முடிந்ததும் முற்றுப்புள்ளி. பலரும் சறுக்குவது பக்க எண்ணில்தான்: அதைத் தளத்தின் பெயருக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். பக்கம் நூலுக்கு உரியது, இணைப்பு தளத்துக்கு உரியது. கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள் வரும். கொள்கலன்களின் பெயர்கள் சாய்வெழுத்தில்.

ஸ்ட்ரீமிங்கிலும் இதே கதைதான். தொடரின் ஓர் அத்தியாயம் என்றால் தொடர் முதல் கொள்கலன், தளம் இரண்டாவது. முழுப் படம் என்றால் அது தனித்து நிற்கும் படைப்பு. அப்போது படத்தின் பெயரே சாய்வெழுத்தில் வரும். தளம் மட்டும்தான் கொள்கலன்.

அச்சுப் பிரதியை நேரில் படித்திருந்தால் இரண்டாவது கொள்கலனே வேண்டாம், `pp. 45-62.` என்பதோடு நிறுத்திவிடுங்கள்.