ஜாயின்ட் இல்லாத பாலத்தில் சுவருக்குப் பின்னால் ஏறும் அழுத்தம்: கேள்வி பதில்

ஜாயின்ட் இல்லாத பாலத்தில் வண்டி ஓடும் தளமான டெக்கும், அதன் முனையில் மண்ணைத் தாங்கும் சுவரான அபட்மென்டும் ஒன்றாக இணைந்தவை. கோடையில் டெக் நீண்டு சுவரோடு மண்ணைத் தள்ளும், குளிரில் சுருங்கி விலகும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம்தானே? அழுத்தம் ஏன் வருடா வருடம் ஏற வேண்டும் சார்?

சுவர் திரும்பி வருகிறது, மண் திரும்புவதில்லை. குளிர்காலத்தில் அபட்மென்ட் சில மில்லிமீட்டர் விலகினாலே பின்னால் உள்ள மணலும் ஜல்லியும் சரிந்து அந்த இடத்தில் இறங்கிவிடும். கோடையில் சுவர் திரும்பும்போது இறங்கிய மண் மேலே ஏறாது. பக்கவாட்டில் நசுங்கும், துகள்கள் இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அடுத்த கோடையில் அதே அளவு தள்ளலுக்கு முன்பைவிட விறைப்பான மண் எதிர்த்து நிற்கிறது. முதல் சில வருடங்களில் ஏற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மேலே மண் தாழ்வதும் பின்னால் அழுத்தம் கூடுவதும் ஒரே செயலின் இரண்டு முகங்கள்.

டிசைனில் எந்த எண்ணைப் போடுவது? சுவர் நகராதபோது மண் தரும் பக்கவாட்டு அழுத்த விகிதமான K0 போட்டால் போதும் என்கிறார் எங்கள் சீனியர்.

போதாது. இங்கிலாந்தின் வடிவமைப்பு வழிகாட்டியான PD 6694-1 வழியில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 மீட்டர் கான்கிரீட் டெக், 6 மீட்டர் உயர அபட்மென்ட். டெக்கின் வெப்பநிலை குளிரின் அடியிலிருந்து கோடையின் உச்சம் வரை 46 டிகிரி மாறுகிறது என்று கொள்வோம். டிகிரிக்கு மீட்டருக்கு 0.01 மி.மீ. வீதம் மொத்தம் 27.6 மி.மீ., ஒரு முனைக்கு சுமார் 14. சுவர் அடியை மையமாக வைத்துச் சாய்வதால் பாதி உயரத்தில் 7 மி.மீ.

```
K* = K0 + (C·d/H)^0.6 × Kp
   = 0.36 + (20 × 7/6000)^0.6 × 8
   = 1.2
```

K* என்பது சுழற்சிகளால் ஏறிய விகிதம், d பாதி உயரத்தில் வரும் அந்த 7 மி.மீ., H சுவரின் உயரம். C = 20 என்பது மென்மையான அடிமண்ணுக்கு, பாறை என்றால் 66. Kp என்பது சுவர் தள்ளும்போது மண் அதிகபட்சம் எதிர்க்கும் விகிதம்; Kp = 8 என்பது உராய்வுக் கோணம் 40 டிகிரி உள்ள பேக்ஃபில்லுக்கு, அதாவது சுவருக்குப் பின்னால் நிரப்பும் மண்ணுக்கு, சுவர் உராய்வையும் சேர்த்து, இந்தக் கணக்குக்காக எடுத்தது. 3 மீட்டர் ஆழத்தில், கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் எடையில், K0 மட்டும் போட்டால் சுமார் 20 கிலோபாஸ்கல். K* போட்டால் 68. மூன்று மடங்குக்கு மேல்! அந்த ஆழத்துக்குக் கீழே K* குறைந்துகொண்டே போய் அடியில் K0-க்கு வந்துவிடும். அதனால் உங்கள் சீனியரின் எண் அடித்தளத்தருகே சரி, நடு உயரத்தில் ஆபத்து.

பலர் சறுக்கும் இடம் d. சராசரி வெப்பநிலையிலிருந்து அளந்தால் 3.5 தான் வரும், K* 0.9 ஆக இறங்கிவிடும். குளிரின் அடியிலிருந்து கோடையின் உச்சம் வரை முழு வீச்சையும் எடுக்க வேண்டும்.

அப்படியென்றால் பேக்ஃபில்லை லூசாக விட்டால் அழுத்தம் குறையுமே?

முதல் சில வருடங்களுக்குக் குறையும். பிறகு பாலமே ரோலர் வேலையைச் செய்துவிடும். லூசாகப் போட்டதும் சுழற்சியில் இறுகி, கடைசியில் கெட்டியாகப் போட்டதன் அருகே வந்து நிற்கும். நடுவில் உங்களுக்குக் கிடைப்பது பெரிய தாழ்வு மட்டும்தான். எதிர்த்திசையில் போய், உராய்வுக் கோணம் மிக அதிகமான உடைகல்லைத் தேடிப் போடுவதும் வினைதான். Kp எகிறும், சுவர் அதைத் தாங்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பாலத்தில் மழைக்குப் பிறகு சுவரில் உள்ள வடிகால் துளையான வீப் ஹோலில் தண்ணீர் கொட்டுகிறது. இதுதான் அந்த அழுத்தமா?

இல்லைங்க, அது வடிகால் விஷயம். தண்ணீர் வெளியே வருவது நல்ல அறிகுறி. அதோடு மணலும் வந்தால் ஃபில்டரைப் பாருங்கள்.

சாலையையும் பாலத்தையும் இணைக்கும் அப்ரோச் ஸ்லாப் போட்டிருக்கிறோம், பாலத்தில் ஏறும்போது குலுக்கல் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

குலுக்கல் மறைந்திருக்கலாம், அழுத்தம் அப்படியே இருக்கிறது. ஸ்லாபுக்குக் கீழே மண் தாழ்ந்து வெற்றிடம் விழும், மேலே ஒன்றும் தெரியாது. ஸ்லாப் டெக்கோடு சேர்ந்தே நகர்வதால் அதன் தொலை முனையில் தாரைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரே கோடாக விரிசல் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்லாபைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று கேட்கும் இடத்தில் சிறு துளையிட்டு ஆழம் அளக்கலாம். வெற்றிடத்தை சிமென்ட் கலவையால் கெட்டியாக நிரப்பிவிடாதீர்கள். கோடையில் சுவருக்கு எதிரே கல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

சுவருக்குப் பின்னால் தெர்மாகோல் அடுக்கு வைத்தால்?

கொள்கை சரி. சுவரின் நகர்வை அடுக்கு விழுங்கிவிட்டால் மண்ணுக்குப் போவது குறையும். ஆனால் பேக்கிங்குக்கு வரும் வெள்ளை தெர்மாகோல் அமுங்கினால் முழுதாக மீளாது, மீளாத அளவுக்கு மண் பின்தொடரும். அதற்கென மீள்தன்மை தந்து செய்த அடுக்கு தேவை. அது 120 வருடச் சுழற்சிக்குத் தாங்குமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. மண்ணுக்குள் ஜியோகிரிட் வலை போட்டு அது தானாக நிற்கும்படி செய்து, நடுவில் இடைவெளி விடும் ஏற்பாட்டை நான் அதிகம் நம்புவேன், செலவு கூடினாலும்.

நான் அதோடு ஒத்துப்போகவில்லை. இடைவெளியில் சாலைக் குப்பை விழுந்து அடைத்தால் பழைய கதைதானே?

அடைத்தால் அதேதான். மேலே மூடி போட வேண்டும், அந்த மூடியும் நகர வேண்டும். ஒழித்த ஜாயின்ட் வேறு பெயரில் திரும்பி வந்த மாதிரிதான், ஒப்புக்கொள்கிறேன்.