தூணில் வெளிச்சம் முறுக்கிக்கொள்வது ஏன்? கோணமா, பரப்பா?

கேள்வி: திருமலை நாயக்கர் மகால் தூண் ஒன்றை 16 பக்க உருளையாக மாடல் செய்திருக்கிறேன். வெர்டெக்ஸ் நார்மலுக்கு, சுற்றியுள்ள முக்கோணங்களின் நார்மல்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறேன். ஆனால் தூணில் விழும் வெளிச்சக் கோடு நேராக நிற்காமல் முறுக்கின மாதிரி சாய்கிறது. நடுவில் வளையங்கள் சேர்த்தால் நடுப்பகுதி சரியாகிறது, மேல் நுனியும் கீழ் நுனியும் சரியாகவில்லை. பரப்பளவால் எடை கொடுத்தால் தீருமா, கோணத்தால் கொடுக்க வேண்டுமா?
— வாசகர், வில்லாபுரம், மதுரை

பதில்: கோணத்தால் கொடுங்கள். உங்கள் தூணுக்குப் பரப்பளவு உதவாது; வளையங்களின் உயரம் ஒரே அளவாக இல்லையென்றால் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

முறுக்கம் வருவது தூணின் வடிவத்தால் அல்ல, மூலைவிட்டத்தால். உருளையின் ஒவ்வொரு பக்கமும் ஒரு செவ்வகம். அதை இரண்டு முக்கோணமாக்க ஒரு மூலைவிட்டம் போடுகிறோம். எல்லாச் செவ்வகத்திலும் அது இடது கீழிலிருந்து வலது மேலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேல் விளிம்பில் ஒரு புள்ளியை எடுத்துப் பாருங்கள். அதன் இடப்பக்கச் செவ்வகத்தின் மூலைவிட்டம் அந்தப் புள்ளியில் வந்து முடிகிறது, ஆகவே அங்கிருந்து இரண்டு முக்கோணங்கள் அதைத் தொடுகின்றன. வலப்பக்கச் செவ்வகத்திலிருந்து ஒன்றுதான். கூட்டிச் சராசரி எடுத்தால் இடப்பக்க நார்மலுக்கு இரண்டு ஓட்டு, வலப்பக்கத்துக்கு ஒரு ஓட்டு. கீழ் விளிம்பில் இது அப்படியே தலைகீழ்.

எவ்வளவு சாய்கிறது என்று கணக்கிடலாம். 16 பக்கம் என்றால் அடுத்தடுத்த முகங்களின் நார்மல்களுக்கு இடையே 22.5 டிகிரி. புள்ளியின் நார்மல் சரியாக நடுவில், அதாவது 11.25 டிகிரியில் நிற்க வேண்டும். 2:1 என்று கூட்டினால் இடப்பக்க நார்மலிலிருந்து 7.46 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது:

```
atan( sin 22.5° / (2 + cos 22.5°) ) = 7.46°
```

மேலே 3.8 டிகிரி இடப்பக்கம், கீழே 3.8 டிகிரி வலப்பக்கம். மொத்தம் 7.6 டிகிரி முறுக்கு. தூணின் விட்டம் ஒன்றரை மீட்டர் என்றால் வெளிச்சக் கோடு அடியிலிருந்து நுனிக்குள் சுமார் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? கோடு சாய்வது மூலைவிட்டம் சாயும் பக்கமாகவே இருக்கும். மூலைவிட்டங்களை எதிர்த்திசைக்குத் திருப்பிப் பாருங்கள், முறுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பினால் காரணம் இதுதான் என்று உறுதி.

நடுவளையம் சரியானதற்கும் இதே கணக்குதான். நடுப்புள்ளியை நான்கு செவ்வகங்கள் சூழ்ந்திருக்கின்றன. இடப்பக்கம் மேலிருந்து ஒன்று, கீழிருந்து இரண்டு. வலப்பக்கம் மேலிருந்து இரண்டு, கீழிருந்து ஒன்று. மூன்றுக்கு மூன்று, தராசு சமம். நுனியில் ஈடுகட்ட ஆள் இல்லை.

இனி பரப்பளவு. ஒரு செவ்வகத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணமும் சம பரப்பு. எனவே நுனியில் 2:1 அப்படியே இருக்கும். நடுவளையத்திலும் ஒரு சிக்கல் புதிதாகச் சேரும். கீழ்க்கட்டு மேல்கட்டைவிட மூன்று மடங்கு உயரம் என்றால், இடப்பக்க எடை 2×3+1=7, வலப்பக்க எடை 3+2×1=5. வெறும் சராசரியில் சமமாக இருந்த இடத்தையும் பரப்பளவு சாய்த்துவிடுகிறது.

கோணத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒரு முக்கோணம் அந்தப் புள்ளியில் எவ்வளவு கோணம் விரிக்கிறதோ, அதுதான் அதன் எடை. இடப்பக்கச் செவ்வகத்தை இரண்டாக வெட்டினாலும் அந்த மூலையில் இரண்டு கோணங்களும் சேர்ந்து 90 டிகிரிதான். வலப்பக்கத்தில் ஒரே முக்கோணம் 90 டிகிரி. 90-க்கு 90. தட்டையான முகத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் மூலையின் மொத்தக் கோணம் மாறாது, அதனால் விடையும் மாறாது. துர்மர், வுத்ரிக் இருவரும் 1998-இல் கோண எடையை முன்வைத்ததன் பலமே இதுதான். தூண் மேலே போகப்போகச் சற்றுக் குறுகினாலும் கவலையில்லை. சரிவகத்தின் இரு பக்க மூலைகளும் சமம். முகம் தட்டையாக இல்லாமல் வளைந்திருந்தால் மட்டும் மூலைவிட்டத்தைத் திருப்பும்போது விடை கொஞ்சம் மாறும்.

நிரல் இவ்வளவுதான்:

```python
for a, b, c in tris:
    n = cross(P[b]-P[a], P[c]-P[a])
    L = norm(n)
    if L < eps: continue
    n = n / L
    for i, j, k in ((a,b,c), (b,c,a), (c,a,b)):
        u, v = P[j]-P[i], P[k]-P[i]
        N[i] += n * arctan2(norm(cross(u,v)), dot(u,v))
```

கடைசியில் ஒவ்வொரு `N[i]`-யையும் நீளம் 1 ஆக்கிவிடுங்கள். `n / L` என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கிராஸ் பிராடக்டின் நீளம் முக்கோணப் பரப்பின் இரு மடங்கு. வகுக்காமல் விட்டால் பரப்பு எடை திருட்டுத்தனமாக உள்ளே வந்துவிடும். கோணத்துக்கு `acos` போடாமல் `arctan2` போட்டதற்கும் காரணம் உண்டு. ஊசி போல மெலிந்த முக்கோணத்தில், தசமப் பிழையால் `acos`-க்குள் 1-ஐவிடத் துளி பெரிய எண் போய் விடை `NaN` ஆகும். ஒரே ஒரு `NaN` போதும், அந்தப் புள்ளியைத் தொடும் எல்லா முக்கோணமும் கறுத்துப்போகும். `eps` உங்கள் மாடலின் அளவைப் பொறுத்தது. மில்லிமீட்டரில் செய்த மாடலுக்கும் மீட்டரில் செய்ததற்கும் ஒரே எண் பொருந்தாது.

டெக்ஸ்சர் ஒட்டும்போது தூணின் ஒரு பக்கம் நெடுக வெட்டுக்கோடு விழும். அங்கே ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க முகங்கள் மட்டுமே தெரியும். கோண எடை கொடுத்த பிறகும் நெடுக ஒரு கோடு தெரிந்தால், இடம் ஒன்றான புள்ளிகளின் `N`-களைக் கூட்டி இரண்டுக்கும் ஒரே விடையைக் கொடுங்கள். ஆனால் மேல் மூடியின் தட்டை முகத்தை இதில் சேர்க்கக் கூடாது. அது கூர்மையான விளிம்பு.

பரப்பளவை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். தூணை அடுத்து மேடையும் செய்வீர்கள் என்று நினைக்கிறேன்; அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலச் சுவரும், அதன் ஓரத்தில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு 45 டிகிரியில் சீவிய விளிம்பும் சந்திக்கும் புள்ளியில், கோணம் இரண்டுக்கும் 90-90 என்று சம ஓட்டுக் கொடுக்கும். நார்மல் 22.5 டிகிரி சாய்ந்து, தட்டைச் சுவர் தலையணை போல உப்பித் தெரியும். பரப்பளவு கொடுத்தால் சுவர் 50 மடங்கு கனமானது. மூலைவிட்டம் எப்படி விழுந்தாலும் சாய்வு 2 டிகிரிக்குள் அடங்கும், சுவர் தட்டையாகவே நிற்கும். பிளெண்டரில் Weighted Normal மாடிஃபையரில் Face Area, Corner Angle, இரண்டும் சேர்ந்தது என மூன்று வழி தந்திருப்பது இதற்காகத்தான். மேடைக்கு Face Area, தூணுக்கு Corner Angle என்று தனித்தனியாக வையுங்கள்.

தூண் சரியாகிவிட்டதா என்று பார்க்க, அச்சை `y` ஆக வைத்துப் புள்ளியின் `x`, `z` இரண்டையும் அந்த உயரத்து ஆரத்தால் வகுங்கள். குறுகாத நேரான உருளையில் அந்த இரண்டு எண்களும் நார்மலின் `x`, `z`-உடன் ஐந்தாறு தசம இடம் வரை ஒத்துப்போக வேண்டும். நுனி வளையத்தில் மட்டும் ஒத்துப்போகாவிட்டால், பரப்போ வெறும் சராசரியோ இன்னும் எங்கோ கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; முதலில் `N[i] +=` வரியில் `arctan2` கோணத்தால் பெருக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.