மலையின் வயதும் ஒரு மணல் துகளும்

அன்புள்ள ஐயா,

வேலூரைச் சுற்றியிருக்கும் மலைகளின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு பழையவை என்று எழுதியிருந்தீர்கள். யுரேனியம் ஈயமாக மாறுவதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பது வரை புரிகிறது. ஆனால் பாறை உருவானபோதே அதில் ஈயம் இருந்திருக்கலாமே? நடுவில் கொஞ்சம் ஈயம் வெளியேறியிருந்தால்? கூட இருந்து பார்த்தவர் யாரும் இல்லை. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கா., குடியாத்தம்

அன்புள்ள கா. அவர்களுக்கு,

பாறையை அப்படியே எடுத்து யாரும் அளப்பதில்லை. அளப்பது அதற்குள் இருக்கும் ஜிர்கான் என்ற படிகத்தை. நம் பக்கத்து நைஸ், சார்னோகைட் பாறைகளில் அது மணல் துகளைவிடச் சிறியதாக, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவில் கிடக்கும். சில கிலோ பாறையை உடைத்து, பொடித்து, சலித்து, தண்ணீரில் அலசிக் கனமான துகள்களைப் பிரிப்பார்கள். அப்புறம் காந்தத்தால் இரும்புக் கனிமங்களை விலக்கிவிட்டு, மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்து ஜிர்கானை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஜிர்கானைத் தேடுவதற்கான காரணமே உங்கள் முதல் கேள்விக்கான பதில். ஜிர்கான் என்பது ஜிர்கோனியம் சிலிகேட். உருகிய பாறைக் குழம்பிலிருந்து அது படிகமாகும்போது, ஜிர்கோனியம் உட்காரவேண்டிய இடத்தில் யுரேனியமும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம், அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈய அயனியோ உருவத்தில் பெரியது, மின்னேற்றமும் பொருந்தாது. படிகம் அதை ஏறக்குறைய முழுதாக வெளியே தள்ளிவிடும். ஆகவே இன்று ஜிர்கானுக்குள் இருக்கும் ஈயத்தில் பெரும்பகுதி உள்ளேயே பிறந்தது.

'ஏறக்குறைய' என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். அதைப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஈயத்தில் 204 என்ற ஐசோடோப்பு எந்தக் கதிரியக்கச் சிதைவிலும் உண்டாவதில்லை. துகளில் ஈயம்-204 தெரிந்தால், வெளி ஈயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிறக்கும்போதே இருந்ததோ, விரிசல் வழியாக வந்ததோ, ஆய்வகத் தூசியிலிருந்து ஒட்டியதோ, எதுவாக இருந்தாலும் அதன் அளவை வைத்து வெளி ஈயத்தைக் கழித்துவிடலாம். 250 கோடி ஆண்டாக ஈயம் சேர்ந்த துகளில் இந்தக் கழித்தல் பெரும்பாலும் சிறியது. யுரேனியம் குறைவான, வயதும் குறைந்த துகளில்தான் இது தலைவலி.

இனி கணக்கு. யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது. அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது; அரை ஆயுள் சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரங்கள், ஒன்று நிதானமாகவும் இன்னொன்று ஆறு மடங்குக்கும் மேல் வேகமாகவும் ஓடுகின்றன. ஈய அணுக்களின் எண்ணிக்கையை மிச்சமிருக்கும் யுரேனிய அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டால் வயது t இப்படி வரும். λ என்பது அந்த யுரேனியம் சிதையும் வேகம்:

```
t = ln(1 + Pb/U) / λ
λ238 = 1.55125 × 10⁻¹⁰ / ஆண்டு
λ235 = 9.8485 × 10⁻¹⁰ / ஆண்டு
```

எதுவும் வெளியேறாத, 250 கோடி வயதுத் துகளில் 206/238 விகிதம் 0.474 இருக்கும், 207/235 விகிதம் 10.73 இருக்கும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், இரண்டுமே 250 கோடி என்றுதான் சொல்லும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த முறையின் உயிர்நாடி. ஈயம் வெளியேறுவது உண்டு, அடிக்கடி நடக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் யுரேனியமேதான். யுரேனியம்-238 ஈயமாகி முடிவதற்குள் எட்டு ஆல்பா துகள்களை வீசுகிறது. ஒவ்வொரு முறையும் அணு பின்னுக்கு உதைத்து, படிகத்தின் ஒழுங்கைக் குலைக்கிறது. யுரேனியம் அதிகமுள்ள பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிகத் தன்மையையே இழந்துவிடும். சேதமில்லாத ஜிர்கான் 900 டிகிரி சூட்டிலும் ஈயத்தை விடாமல் பிடித்திருக்கும். சேதமானதோ வெந்நீர் பட்டாலே விட்டுவிடும்.

கணக்குக்காக ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். 250 கோடி ஆண்டுக்கு முன் பிறந்தது. 75 கோடி ஆண்டுக்கு முன் பூமிக்கடியில் ஒரு சூடு வந்து, அதுவரை சேர்ந்திருந்த ஈயத்தில் சரிபாதி வெளியேறியது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இன்று அளந்தால் 206/238 விகிதம் 0.299, 207/235 விகிதம் 5.91. முதல் கடிகாரம் 168 கோடி என்கிறது, இரண்டாவது 196 கோடி என்கிறது. இரண்டும் தப்பு. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி தப்பாக இல்லை பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது. ஒரே கடிகாரம் மட்டும் இருந்திருந்தால் 168 கோடி என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். நீங்கள் சொன்ன அந்தக் கூட இருந்து பார்க்கும் சாட்சியின் வேலையை இரண்டாவது கடிகாரம் செய்கிறது.

உண்மை வயதையும் மீட்கலாம். ஒரே பாறையில் எல்லாத் துகளும் ஒரே அளவு ஈயத்தை இழப்பதில்லை. யுரேனியம் குறைந்தது கொஞ்சம்தான் இழக்கும், நிறைந்தது அதிகம் இழக்கும். ஒரு வரைபடத்தில் இரண்டு விகிதங்களையும் இரண்டு அச்சுகளாக வைத்து, இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும் புள்ளிகளை எல்லாம் சேர்த்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதற்குக் கான்கார்டியா என்று பெயர். ஜார்ஜ் வெதரில் 1956இல் கொண்டுவந்தது. நம் துகள்கள் அந்த வளைகோட்டுக்குக் கீழே, ஒரு நேர்கோட்டில் வரிசையாக விழும். ஈயம்-206, ஈயம்-207 இரண்டும் வேதியியலில் ஒன்றே என்பதால், வெளியேறும்போது இரண்டும் ஒரே விகிதத்தில்தான் போகும். கோடு நேராக வருவது அதனால்தான். அந்தக் கோட்டை நீட்டினால் மேலே வளைகோட்டை 250 கோடியில் வெட்டும், கீழே 75 கோடியில் வெட்டும். பிறந்த நாளும் சூடுபட்ட நாளும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

75 கோடி என்பதை நான் சும்மா எடுக்கவில்லை. திருப்பத்தூர் பக்கம் ஏலகிரி மலையின் சயனைட் பாறையும், வெர்மிகுலைட் தோண்டும் சேவத்தூரின் கார்பனடைட் பாறையும் ஏறத்தாழ 75, 80 கோடி ஆண்டுக்கு முன் பழைய நைஸுக்குள் குழம்பாக ஏறி உறைந்தவை. அந்தப் பக்கத்து நைஸில் கீழ்வெட்டு 75 கோடியை ஒட்டி வந்தால் நம்புவேன், ஏனென்றால் அந்த வயது சயனைட்டை நேரடியாக அளந்தும் வருகிறது. வேறு எந்த ஆதாரமும் இல்லாமல் கீழ்வெட்டை மட்டும் காட்டி 'அப்போது இங்கே பெரிய சம்பவம் நடந்தது' என்று எழுதினால் நம்பமாட்டேன். சூட்டில் ஒருமுறை இழந்த துகள், பிறகு மழைநீரிலும் மக்கலிலும் இன்னொரு முறை இழந்திருந்தால், புள்ளிகள் கோட்டை விட்டுச் சிதறும்; கீழ்வெட்டு எந்தச் சம்பவத்துக்கும் சொந்தமில்லாத ஓர் எண்ணில் போய் நிற்கும். கோட்டைச் சுற்றிச் சிதறல் அளவுப் பிழையைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. ஜேம்ஸ் மாட்டின்சன் 2005இல் விளக்கிய முறையில், துகளை 900 டிகிரி அளவில் இரண்டு நாள் போல் சூடாக்கி, பிறகு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் விடுகிறார்கள். சேதமான, ஈயம் இழந்த பகுதி முதலில் கரைந்துபோகும். மிஞ்சும் நல்ல பகுதியை மட்டும் முழுதாகக் கரைத்து அளக்கிறார்கள். முன்பு கோட்டின் நடுவில் கிடந்த துகள்கள் இப்படிச் செய்தபின் பல சமயம் வளைகோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

சரி, எவ்வளவு துல்லியம்? லேசரால் துகளில் ஒரு சிறு குழி போட்டு அளந்தால் பிழை ஒன்றிரண்டு சதவீதம். 250 கோடியில் இரண்டு சதவீதம் என்பது ஐந்து கோடி. அமிலத்தில் கரைத்து நிறை நிறமாலைமானியில் அளந்தால் 0.1 சதவீதமும் அதற்குக் குறைவும் வரும். அதற்குமேல் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு சுவர் இருக்கிறது. மேலே கொடுத்த λ மதிப்புகள் 1971இல் ஜாஃபியும் அவருடைய குழுவினரும் யுரேனியத்தின் ஆல்பா துகள்களை எண்ணிக் கண்டவை. அவற்றிலேயே சுமார் 0.1 சதவீத நிச்சயமின்மை இருக்கிறது. 250 கோடியில் அது 25 லட்சம் ஆண்டு. இரண்டு பாறைகளை ஒரே கடிகாரத்தால் அளந்து எது முந்தியது என்று கேட்டால் இந்தப் பிழை இரண்டிலும் ஒரே பக்கம் சாய்வதால் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. வேறு தனிமத்தை வைத்து அளந்த வயதோடு ஒப்பிடும்போது இடிக்கும்.

ஆனால் நம் ஊர்ப் பாறைகளில் பெரிய தவறு கருவியிலிருந்து வருவதில்லை, எதன் வயதை அளந்தோம் என்பதில் வருகிறது. நைஸ் ஒருமுறை உருவாகி, பிறகு ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அதிலுள்ள ஜிர்கானில் நடுப்பகுதி முதல் குழம்பில் பிறந்திருக்கும், ஓரம் உருமாற்றத்தின்போது வளர்ந்திருக்கும். சிலவற்றில் நடுப்பகுதி அந்தக் குழம்புக்கும் முந்தைய பாறையிலிருந்து கரையாமல் வந்ததாகவும் இருக்கும். முழுத் துகளையும் கரைத்தால் இவையெல்லாம் கலந்த ஒரு சராசரி வரும். அந்த வயதில் எதுவுமே நடந்திருக்காது. ஆகவே துகளைப் பாதியாகத் தேய்த்து, மின்னணுக் கற்றையால் ஒளிரவைத்துப் படம் எடுத்து, எது நடு, எது ஓரம் என்று பார்த்த பிறகே அளக்கவேண்டும். வேலூர்க் கோட்டைக் கல்லிலிருந்து ஜிர்கான் எடுத்தாலும் பாறை உறைந்த அல்லது உருமாறிய காலம்தான் கிடைக்கும். பதினாறாம் நூற்றாண்டில் அதைக் கொத்திய காலம் அதில் பதிவாகவே இல்லை.

அடுத்தமுறை ஏதாவது ஒரு மலைக்கு வயது போட்டிருப்பதைப் பார்த்தால், கட்டுரையில் கான்கார்டியா படம் இருக்கிறதா, புள்ளிகள் வளைகோட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா, துகளின் எந்தப் பகுதியில் குழி போட்டார்கள் என்ற மூன்றையும் தேடுங்கள். கோட்டின் நடுவிலேயே எல்லாப் புள்ளியும் கும்பலாக இருந்து, அங்கிருந்து வெகுதூரம் நீட்டி மேல்வெட்டைக் கண்டிருந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ± அளவைப் பாருங்கள். அது சின்னதாக இருந்தால் எனக்கும் எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.