கடைசியிலும் ஒரு முறை கைதட்டுங்கள்

கேள்வி: என் மகளின் வாய்ப்பாட்டுக் கச்சேரியை அரங்கின் பின்வரிசையிலிருந்து கைப்பேசியில் படமெடுத்தேன். மேடையில் தனி ரெக்கார்டர் வைத்திருந்தேன். தொடக்கத்தில் கைதட்டி, அதை வைத்து இரண்டையும் பொருத்தினேன். முதல் பாட்டு சரியாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து மங்களம் பாடும்போது, உதடு அசைவதற்கு முன்பே ஒலி வந்துவிடுகிறது. எங்கே தவறு? எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் கைதட்டலில் தவறில்லை. அது ஓர் இடத்தை மட்டுமே பொருத்தும். அதன்பின் இரண்டு கருவிகளும் தத்தம் கடிகாரப்படி ஓடுகின்றன. ரெக்கார்டர் நொடிக்கு 48000 ஒலி மாதிரிகள் எடுப்பதாகச் சொல்கிறது. அதனுள் இருக்கும் படிகம் சற்று மெதுவாகத் துடித்தால், உண்மையில் 47998 மட்டுமே எடுத்திருக்கும். அந்தக் கோப்பை 48000 வேகத்தில் ஓட்டும்போது ஒலி கொஞ்சம் கொஞ்சமாக முந்துகிறது. ஒரு பாட்டில் தெரியாத இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தில் உதட்டசைவில் தெரிந்துவிடும்.

ஆனால் ரெக்கார்டர்மேல் பழி போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எடிட்டிங் செயலியில் கைப்பேசியின் சொந்த ஒலியை மட்டும் வைத்து மங்களத்தைப் பாருங்கள். அதிலும் விலகல் தெரிந்தால் சிக்கல் படத்தில்தான். கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை பிரேம் என்று சீராக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அது மாறும். சில எடிட்டிங் செயலிகள் இதைத் தவறாகக் கணக்கிடுகின்றன. அப்படியானால் முதலில் ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியால் படத்தைச் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i phone.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy phone30.mp4
```

கைப்பேசியின் சொந்த ஒலி சரியாகப் பொருந்தினால், ரெக்கார்டர் ஒலியுடன் கச்சேரியின் நடுப்பகுதியையும் பாருங்கள். விலகல் அங்கே கடைசியில் இருப்பதில் பாதி அளவு என்றால் கடிகார வித்தியாசம்தான். ஓர் இடத்தில் திடீரென்று குதித்தால் பதிவு அங்கே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் வெட்டி நகர்த்துவதைத் தவிர வழியில்லை.

கடிகார வித்தியாசத்தை அளக்க இரண்டு புள்ளிகள் வேண்டும். முதல் புள்ளி உங்கள் கைதட்டல். கடைசியில் தட்டவில்லை என்றால், இரண்டு பதிவிலும் கூர்மையாகக் கேட்கும் ஒரு மிருதங்க அடியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட நேரம் கைப்பேசியின் ஒலியில் 5294.00 நொடி, ரெக்கார்டரில் 5293.78 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.22 நொடி, 30 பிரேம் வேகத்தில் ஆறேழு பிரேம். 48000-ஐ 5293.78-ஆல் பெருக்கி 5294.00-ஆல் வகுத்தால் 47998 கிடைக்கும். ரெக்கார்டரின் உண்மையான வேகம் அதுதான். இனி அதையே சொல்லிவிடலாம்:

```
ffmpeg -i rec.wav -af asetrate=47998,aresample=48000 rec2.wav
```

சுருதி மாறிவிடுமோ என்று கவலைப்படாதீர்கள். ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடவும் குறைவான மாற்றம் இது. எந்தக் காதுக்கும் தெரியாது. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் இழுக்கும் வசதியை இங்கே பயன்படுத்த வேண்டாம். அது ஒலியைத் துண்டுகளாக்கி ஒட்டுவதால் தம்பூராவின் நீண்ட நாதத்தில் நடுக்கம் கேட்கக்கூடும்.

இந்தக் கட்டளைகள் பழக்கமில்லை என்றால் கச்சேரிக்கு எளிய வழி ஒன்று உண்டு. பாட்டுகளுக்கு இடையே, கைதட்டல் ஓய்ந்த இடத்தில், ரெக்கார்டர் ஒலியை வெட்டி ஒவ்வொரு பாட்டையும் தனியாகப் பொருத்துங்கள். பத்து நிமிடப் பாட்டுக்குள் ஏற்படும் விலகல் ஒரு பிரேம் அளவைத் தாண்டாது. நீண்ட ராகம் தானம் பல்லவி இருந்தால் மட்டும் இது போதாது.

பின்வரிசையிலிருந்து படமெடுத்ததில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். கைப்பேசி மேடைக்கு 12 மீட்டர் தள்ளி இருந்தால் கைதட்டல் அதற்கு 35 மில்லிநொடி, அதாவது ஒரு பிரேம், தாமதமாகக் கேட்கும். செயலியின் தானியங்கிப் பொருத்தம் இரண்டு ஒலிகளை ஒப்பிடுவதால் இந்தத் தாமதத்தையும் சேர்த்து ஒட்டிவிடும். ஆகவே கடைசியாகப் பொருத்தும்போது, உள்ளங்கைகள் சேரும் முதல் பிரேமுடன் ரெக்கார்டர் ஒலியலையில் தெரியும் கைதட்டலின் கூர்முனையைச் சேருங்கள். மேலே சொன்ன கணக்குக்கு இந்தத் தாமதம் பாதகமில்லை. மிருதங்க அடியும் மேடையிலிருந்தே வருவதால் இரண்டு முனைகளிலும் அதே அளவு சேர்ந்து கழிந்துவிடும்.

அடுத்த முறை ரெக்கார்டர் அருகில் நின்று, கைகள் கேமராவுக்குப் பக்கவாட்டில் தெரியும்படி ஒரே ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். மூன்று முறை தட்டினால் எது எதனுடையது என்று பிறகு நீங்கள்தான் தேடுவீர்கள். மங்களம் முடிந்ததும், பதிவை நிறுத்தும் முன், அதே இடத்தில் இன்னொரு முறை தட்ட வேண்டும். நடுவில் கைப்பேசியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் புதிய கைதட்டல் தேவை. 47998 என்ற எண்ணையும் அப்படியே மறுமுறை பயன்படுத்தாதீர்கள். சூடு மாறினால் படிகத்தின் வேகமும் சற்று மாறும் என்பதால் ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக அளப்பதே நல்லது.