சிவப்பு, பச்சைப் புள்ளிகள்: கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் கிடங்கின் இருப்பைக் காட்ட ஒரு டாஷ்போர்டு செய்து வாங்கியிருக்கிறோம். சரக்கு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்துவிட்டால் சிவப்புப் புள்ளி. நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தெரியும், சோதித்துவிட்டோம் என்கிறார் செய்து கொடுத்தவர். வேண்டுமானால் அவர்களுக்கென்று தனி ‘மோடு’ சேர்க்கலாம், அதற்குக் கூடுதல் கட்டணமாம். இதை நானே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும், செலவும் இல்லை. குரோம் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து F12 அழுத்துங்கள். பிறகு Ctrl+Shift+P அழுத்தி Rendering என்று தட்டி, வரும் Show Rendering என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பகுதி திறக்கும். அதில் கீழே போனால் Emulate vision deficiencies என்று ஒரு பட்டியல் இருக்கும். Deuteranopia, Protanopia இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முதலாவது, கண்ணுக்குள் பச்சையை உணரும் கூம்புச் செல்கள் வேலை செய்யாத பார்வை. இரண்டாவது, சிவப்பை உணர்பவை வேலை செய்யாத பார்வை.

இரண்டையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலரும் பயன்படுத்தும் #D32F2F சிவப்பையும் #388E3C பச்சையையும் எடுத்துக்கொள்வோம். Protanopia-வில் சிவப்பு இருண்டுபோகும், பச்சை வெளிறிய கடுகு நிறமாகும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ‘வித்தியாசம் தெரிகிறதே’ என்று தோன்றும். Deuteranopia-வுக்கு மாற்றினால் இரண்டுமே ஒரே மாதிரி பழுப்பாகிவிடும். ஏனென்றால் இந்த இரண்டு நிறங்களுக்கும் ஒளிர்வு விகிதம் 1.2:1 அளவுதான். சாயல் போய்விட்டால் பிரித்துக் காட்ட வெளிச்ச வேறுபாடும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘சோதித்தாயிற்று’ என்று சொல்லியிருக்க வாய்ப்புண்டு. எதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார் என்று கேளுங்கள்.

ஆனால் சோதனையில் பெரும்பாலும் தவறு நடப்பது வேறு இடத்தில். இரண்டு நிறங்களையும் பெரிய கட்டங்களாக அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். உண்மையில் உங்கள் ஊழியர் பார்க்கப்போவது ஒரு வரிசையில் தனியாக நிற்கும் சின்னப் புள்ளியை. ஒப்பிட அருகில் இன்னொன்று இருக்காது. புள்ளி சிறிதாகச் சிறிதாக நிறம் பிரித்தறிவது இன்னும் கடினமாகும். அதனால் Deuteranopia பார்வையில் ஒரே ஒரு வரிசையை மட்டும் திரையில் விட்டு, பெரிதாக்காமல் அதே அளவில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தையே முன்பின் பார்த்திராத ஒருவரிடம் காட்டுங்கள். நிற விளக்கக் குறிப்பை மட்டும் முன்கூட்டியே, அதே Deuteranopia பார்வையில் காட்டி எடுத்துவிடலாம். ‘வித்தியாசம் தெரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘இந்தச் சரக்கு இருக்கிறதா, இல்லையா?’ என்று கேளுங்கள். தயங்கினாலோ ஊகித்தாலோ புள்ளி தோற்றுவிட்டது. நீங்களே பார்த்தால் விடை முன்பே தெரியும் என்பதால் கண் உங்களை ஏமாற்றும்.

இந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அது காட்டுவது ஒருவகைக் கூம்புச் செல் முற்றிலும் இயங்காத நிலையை. குறைபாடு உள்ள பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செல் ஓரளவு மாறுபட்டுத்தான் இருக்கும், ஆகவே அவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே தெரியலாம். எனினும் மங்கலான திரையிலும் வெயிலிலும் அந்தக் ‘கொஞ்சம்’ காணாமல்போகும். குறைபாடு உள்ள ஒருவர் முன்வந்தால் அவரையும் அதே கேள்விக்கு விடை சொல்லச் செய்யுங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பார்கள். பெண்களில் மிகக் குறைவு.

சரி, தோற்றால் என்ன கேட்பது? வேறு இரண்டு நிறம் கேட்காதீர்கள். இருப்பு இருந்தால் நிரம்பிய வட்டம், தீர்ந்துவிட்டால் நடுவில் பெருக்கல் குறி போட்ட சதுரம், பக்கத்தில் ‘உள்ளது’, ‘தீர்ந்தது’ என்ற சொல். நிறம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு அதே பட்டியலில் Achromatopsia-வைத் தேர்ந்தெடுத்து, நிறமே இல்லாத திரையில் மறுபடி அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் ஏற்கலாம். நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக்கூடாது என்பது, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று வகுத்த WCAG விதிகளில் 1.4.1 எண்ணுள்ள அடிப்படை நிபந்தனை. ஒப்பந்தத்தில் இந்த விதிகளைப் பின்பற்றுவதாக எழுதியிருந்தால் இதற்குத் தனியாகப் பணம் கேட்க முடியாது.

அந்த ‘மோடு’க்குக் காசு கொடுக்காதீர்கள் என்பதே என் யோசனை. தனக்கு இந்தக் குறைபாடு இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. தெரிந்தவரும் வேலையிடத்தில் அதை அறிவித்துக்கொண்டு ஒரு பொத்தானைத் தேடி அழுத்த விரும்புவதில்லை. முதல் திரையே எல்லோருக்கும் புரிய வேண்டும். அந்த வடிவமும் சொல்லும் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.